புது டிஎல்எஸ்எஸ் பைல் மாற்றினால் படம் மங்குகிறதே, ஷார்ப்னஸ் எங்கே போச்சு?

பல்லடம் தறி | 11 பிப்ரவரி 2025

ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, 24 அங்குல மானிட்டர், 1080p. ரொம்ப நாளாக ஒரே ஒரு திறந்த உலக விளையாட்டைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன். காடு, வேலி, கயிறு, குதிரை எல்லாம் நிறைய வரும். 2021ல் டிஎல்எஸ்எஸ் என்ற NVIDIA-வின் படம் பெரிதாக்கும் வசதியைச் சேர்த்தார்கள், அப்புறம் அந்தப் பைலைத் தொடவே இல்லை. ரைட் கிளிக் செய்து Details பார்த்தால் 2.2 வரிசை என்று இருந்தது.

எல்லாரும் 310.2 பதிப்பைப் பற்றிப் பேசுகிறார்களே என்று `nvngx_dlss.dll` பைலை மாற்றிப் போட்டேன். குவாலிட்டி மோடு, முன்னாடி வைத்திருந்த அதே செட்டிங். படம் மங்கிப்போச்சு. தூரத்து வேலிக் கம்பி முன்பு கத்தி மாதிரி இருக்கும், இப்போது பஞ்சு பஞ்சாகத் தெரிகிறது. மெனுவில் இருக்கும் ஷார்ப்னஸ் ஸ்லைடரை நூறுக்கு ஏற்றினாலும் ஒரு மாற்றமும் இல்லை.

புதுப் பைல் நல்லது என்று சொல்வதெல்லாம் புதுக் கார்டுக்கு மட்டும்தானா?

ஈரோடு சந்தை | 11 பிப்ரவரி 2025

3060க்கெல்லாம் அது எடுபடாதுங்க. மானிட்டரின் முழு அளவில் வரையும் நேட்டிவ்தான் எப்போதும் நிஜமான படம். டிஎல்எஸ்எஸ் என்பது சின்னப் படத்தை இழுத்துப் பெரிசாக்குவது. 1080pயில் குவாலிட்டி என்றால் உள்ளே 1280x720தான் ஓடுகிறது, அதிலிருந்து என்ன வந்துவிடும்? நேட்டிவில் விளிம்பைச் சீராக்கும் டிஏஏ போட்டு ஆடுங்க.

காங்கேயம் காளை | 11 பிப்ரவரி 2025

அண்ணா, நானும் இதே பைலைப் போட்டேன். ஜிடிஎக்ஸ் 1650. மெனுவில் டிஎல்எஸ்எஸ் என்ற வரியே வரவில்லை. புதுப் பைல் போட்டால் பிரேம் இரட்டிப்பாகும் என்று சொன்னார்களே, அதற்கு வேறு பைல் இருக்கிறதுங்களா?

கோபி வாய்க்கால் | 12 பிப்ரவரி 2025

காங்கேயம் தம்பிக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். 1650ல் டிஎல்எஸ்எஸ்ஸுக்கு வேண்டிய டென்சர் கோர் கிடையாது. எந்தப் பைல் போட்டாலும் டிஎல்எஸ்எஸ் வராது. விளையாட்டில் இதே மாதிரி வேலை செய்யும் எஃப்எஸ்ஆர் இருந்தால் அதைப் பாருங்கள். நீங்கள் கேட்கும் பிரேம் இரட்டிப்பு தனி விஷயம், அதன் பைல் `nvngx_dlssg.dll`, கடைசியில் ஒரு g கூட இருக்கும். அது 40 வரிசையிலிருந்துதான். இந்த இழையில் பேசுவது g இல்லாத பைலைப் பற்றி.

பல்லடம் தம்பி, உங்கள் பைலில் கெட்டுப்போனது எதுவும் இல்லை. டிஎல்எஸ்எஸ் 2-இன் பழைய பைல்களுக்குள்ளேயே ஒரு ஷார்ப்பனிங் இருந்தது. படத்தைச் சேர்த்துக் கட்டி முடித்தபின், அதே பைல் விளிம்புகளை அழுத்திக் காட்டிவிட்டு வெளியே அனுப்பும். உங்கள் மெனுவின் ஸ்லைடர் அந்த எண்ணைத்தான் பைலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 2.5.1இலிருந்து அந்த வேலையை எடுத்துவிட்டார்கள். விளையாட்டு இன்னமும் எண்ணை அனுப்புகிறது, வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. ஸ்லைடர் செத்துப்போனதற்கு அதுதான் காரணம்.

ஆக, நீங்கள் ஒப்பிட்டது கஞ்சி போட்ட வேட்டியையும் போடாத வேட்டியையும். கஞ்சி மடிப்பை நிற்க வைக்கும், நூலைக் கூட்டாது. பழைய பைலைத் திரும்பப் போட்டு, ஸ்லைடரைப் பூஜ்யத்தில் வைத்து, அப்புறம் புதுசோடு ஒப்பிடுங்கள். அதுதான் நியாயமான ஒப்பீடு.

பல்லடம் தறி | 12 பிப்ரவரி 2025, இரவு

ஷிப்டு முடிந்து வந்து போட்டுப் பார்த்தேங்க அக்கா. பழைய பைல், ஷார்ப்னஸ் பூஜ்யம். இப்படி ஒரு படத்தை நான் பார்த்ததே இல்லை. அதுவும் மங்கல்தான், சொல்லப்போனால் 310.2ஐ விட மங்கல். ஸ்லைடர் எப்போதும் பாதியில் இருந்ததால் உள்ளே இருந்த படம் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். ஸ்லைடர் பாதியில் இருக்கும்போது மேட்டில் நின்று வானத்துக்கு எதிராகத் தெரியும் தந்திக் கம்பியைப் பார்த்தால், கறுப்புக் கம்பிக்கு இரண்டு பக்கமும் வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. இத்தனை நாள் அதைத்தான் “கத்தி மாதிரி” என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. கேமராவைத் திருப்பும்போது அந்த வெள்ளைக்கோடு தடித்து, நின்றதும் மெலிகிறது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் விடுவதில்லை.

கோபி வாய்க்கால் | 13 பிப்ரவரி 2025

அந்த வெள்ளைக் கோடுதான் அடையாளம். ஷார்ப்பனிங் புது விவரத்தைக் கொண்டுவராது. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவிலுள்ள எல்லையில் இருட்டை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சத்தை இன்னும் வெளிச்சமாக்கும். எனவே கம்பி எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்று பார்க்காதீர்கள், அறுந்து அறுந்து தெரிகிறதா, ஒரே கோடாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அறுந்த கம்பியை ஷார்ப்பனிங் ஒட்ட வைக்காது. துண்டுகளை இன்னும் பளிச்சென்று காட்டிவிடும், அவ்வளவுதான்.

ஈரோடு சந்தை | 13 பிப்ரவரி 2025

சரி, ஷார்ப்பனிங் விஷயம் ஒத்துக்கலாம். ஆனால் 310 போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் என்ற புது மாடல் வந்துவிடுமே, அது தானாகவே தெளிவாகத்தானே இருக்க வேண்டும்? அவருக்கு ஏன் மங்கலாகவே இருக்கிறது? அதனால்தான் 3060க்கு எடுபடாது என்றேன்.

கோபி வாய்க்கால் | 13 பிப்ரவரி 2025

பைல் 310 என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாதுங்க. ஒரே பைலுக்குள் பல மாடல்கள் எழுத்துப் பெயரோடு உட்கார்ந்திருக்கின்றன, அவற்றைத்தான் ப்ரீசெட் என்கிறோம். A முதல் F வரை பழைய வகை, J, K இரண்டும் டிரான்ஸ்ஃபார்மர். எந்த எழுத்து ஓட வேண்டும் என்பதை விளையாட்டோ டிரைவரோ சொல்லும், யாரும் சொல்லாவிட்டால் பைல் தனக்கென்று வைத்திருப்பதை எடுத்துக்கொள்ளும். மெனுவில் குவாலிட்டி, பேலன்ஸ்டு என்று வருவதற்கும் இந்த எழுத்துகளுக்கும் சம்பந்தமே இல்லை. முதலாவது உள்ளே எத்தனை புள்ளி வரைய வேண்டும் என்பது. இரண்டாவது அந்தப் புள்ளிகளை எந்த மூளை சேர்த்துக் கட்டுகிறது என்பது.

ஊகமே வேண்டாம், திரையிலேயே எழுதிக் காட்டச் சொல்லலாம். இதை நோட்பேடில் போட்டு `.reg` என்று சேமித்து ஓட்டுங்கள்:

```
Windows Registry Editor Version 5.00

[HKEY_LOCAL_MACHINE\SOFTWARE\NVIDIA Corporation\Global\NGXCore]
"ShowDlssIndicator"=dword:00000400
```

விளையாட்டைத் திறந்தால் இடது கீழ் மூலையில் பைலின் பதிப்பு, உள்ளே வரையும் அளவு, வெளியே போகும் அளவு, ப்ரீசெட் எழுத்து எல்லாம் வரும். வேலை முடிந்ததும் 400ஐ 0 ஆக்கி மறுபடி ஓட்டினால் போய்விடும்.

பல்லடம் தறி | 14 பிப்ரவரி 2025

பார்த்தேன். பதிப்பு 310.2 என்று சரியாகக் காட்டுகிறது, அளவு 1280x720இலிருந்து 1920x1080. ஆனால் எழுத்து E!

இத்தனை நாள் புது உறைக்குள் பழைய மாடல்தான் ஓடியிருக்கிறது. NVIDIA App திறந்து, Graphics போய், விளையாட்டைத் தேர்ந்து, `DLSS Override - Model Presets` என்ற இடத்தைப் பார்த்தேன். என் விளையாட்டுக்கு அது சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, தொட முடியவில்லை.

கோபி வாய்க்கால் | 14 பிப்ரவரி 2025

அந்த வசதி ஜனவரி கடைசியில்தான் வந்தது, பட்டியலில் இருக்கும் விளையாட்டுக்கு மட்டும்தான் திறக்கும். உங்களுடையதை NVIDIA Profile Inspector வழியாகச் செய்யலாம். விளையாட்டின் புரொஃபைலை எடுத்து, டிஎல்எஸ்எஸ் ப்ரீசெட் வரியில் K வைத்துச் சேமியுங்கள். செய்தபின் மூலையில் K வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். வராவிட்டால் மேற்கொண்டு ஒப்பிடுவது வீண்.

பீளமேடு ஹாஸ்டல் | 14 பிப்ரவரி 2025

லேப்டாப்பில் 4050 வைத்திருக்கிறேன். நான் ஆடுவது ஆன்லைன் சண்டை விளையாட்டு. இதே மாதிரி பைலை மாற்றலாமா?

கோபி வாய்க்கால் | 14 பிப்ரவரி 2025

ஆன்டிசீட் இருக்கும் விளையாட்டில் பைலைத் தொடாதீர்கள் கண்ணு. சிலது திறக்காது, சிலது கணக்கையே முடக்கிவிடும். NVIDIA App பட்டியலில் உங்கள் விளையாட்டு இருந்தால் அதன் வழியாக மட்டும் மாற்றுங்கள். அப்போது விளையாட்டின் ஃபோல்டரில் எந்தப் பைலும் மாறாது.

பல்லடம் தறி | 16 பிப்ரவரி 2025

ஞாயிறு கரண்ட் இருந்ததால் நிதானமாக உட்கார்ந்தேன். ஒரே சேவ், ஆற்றங்கரை வேலிக்குப் பக்கம். மதிய வெயில். வேலியைப் பக்கவாட்டில் பார்த்தபடி வேலி முடியும்வரை நடந்து, திரும்பி வருவது. நான்கு வகையில் பார்த்தேன்.

பழைய பைல், ஸ்லைடர் பாதி: நிற்கும்போது பளிச். நடக்க ஆரம்பித்ததும் வேலிக் கம்பிகள் எறும்பு ஊர்வது போல் துடிக்கின்றன. புல்லின் நுனியெல்லாம் உப்பு தூவினாற்போல் வெள்ளை.

பழைய பைல், ஸ்லைடர் பூஜ்யம்: துடிப்பு குறைந்தது, ஆனால் கம்பி சில இடத்தில் அறுந்து தெரிகிறது. பறக்கும் கொக்குக்குப் பின்னால் சாம்பல் வால் ஒன்று நீள்கிறது.

310.2, E: மங்கல்தான். கம்பி அறவில்லை. கொக்கின் வால் கிட்டத்தட்டப் போய்விட்டது. முதல் நாள் இதைப் பார்த்துவிட்டுத்தான் கெட்டுப்போச்சு என்று எழுதினேன்.

310.2, K: இதைத்தான் சொல்ல வந்தேன். நடக்கும்போதே மரப்பட்டையின் கோடுகள் தெரிகின்றன. மற்ற மூன்றிலும் நின்றால்தான் பட்டை தெரியும், நடந்தால் சேறு பூசியது போலாகும். குதிரையின் பிடரி மயிர் தனித்தனியாக ஆடுகிறது. ஷார்ப்பனிங் சுத்தமாக இல்லை, வெள்ளைக்கோடு எங்கேயும் இல்லை. குறை என்றால், ஆற்றுத் தண்ணீர் மேல் வெயில் புள்ளிகள் E-யை விட அதிகமாக மினுக்குகின்றன.

பிரேம் விஷயம்: E-யில் 67 வந்த இடத்தில் K-யில் 63.

ஈரோடு சந்தை | 16 பிப்ரவரி 2025

நான்கின் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துப் போடுங்க, நாங்களும் பார்க்கிறோம்.

பல்லடம் தறி | 17 பிப்ரவரி 2025

எடுத்தேன். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழைய பைல் ஸ்லைடர் பாதிதான் ஜெயிக்கிறது! E-க்கும் K-க்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. கண்ணில் அவ்வளவு தெளிவாகப் பார்த்தது ஸ்கிரீன்ஷாட்டில் எங்கே போச்சு?

கோபி வாய்க்கால் | 17 பிப்ரவரி 2025

நின்றுகொண்டு எடுத்திருப்பீர்கள். டிஎல்எஸ்எஸ் ஒவ்வொரு பிரேமிலும் கேமராவை ஒரு புள்ளிக்கும் குறைவான அளவு நகர்த்தி வரைகிறது, பல பிரேம்களில் கிடைத்ததைச் சேர்த்துத்தான் முழுப் படம் வருகிறது. குவாலிட்டி மோடில் இந்த நகர்வு ஒரு சுற்று முடிய 18 பிரேம், பெர்ஃபார்மன்ஸில் 32. உங்கள் 60 பிரேமுக்கு 18 என்றால் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நீங்கள் நின்று பட்டனை அழுத்துவதற்குள் எல்லா மாடலும் முழுசாகச் சேர்த்து முடித்திருக்கும். நின்ற படத்தில் சுமாரான மாடலும் நல்ல மாடலும் ஒன்றுபோல்தான் தெரியும், ஷார்ப்பனிங் போட்டது மட்டும் தனித்துத் தெரியும்.

மாடலின் தரம் வெளிப்படுவது நகரும்போதுதான். பழைய பிரேமில் இருந்த எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று அது அப்போதுதான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். கொக்கின் வால் தூக்கிப் போடாமல் விட்டது. சேறு பூசிய பட்டை தேவையில்லாமல் தூக்கிப் போட்டது. நடந்துகொண்டே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இல்லையென்றால் உயர்ந்த பிட்ரேட்டில் பதிவு செய்து பிரேம் பிரேமாக நிறுத்திப் பாருங்கள். யூடியூபில் ஏற்றிய ஒப்பீட்டு வீடியோவை வைத்து இதில் முடிவு கட்டவே கூடாது, அந்தச் சுருக்கலில் புல்லெல்லாம் ஒன்றாகிவிடும்.

பொள்ளாச்சி தோப்பு | 2 மார்ச் 2025

தாமதமாக வந்தேன். தோப்பில் தேங்காய் வெட்டு. எனக்கு 4070, 55 அங்குல 4கே டிவி. NVIDIA App-ல் K வைத்தேன், மூலையிலும் K என்றே வருகிறது. பெர்ஃபார்மன்ஸ் மோடு. ஆனாலும் கம்பிக்குப் பக்கத்தில் வெள்ளைக்கோடு இருக்கிறது. அக்கா சொன்னபடி புதுப் பைலில் ஷார்ப்பனிங் இல்லையே, இது எங்கிருந்து வருகிறது?

கோபி வாய்க்கால் | 2 மார்ச் 2025

பைலில் இல்லை, வழியில் வேறு எங்கேயோ இருக்கிறது. முதல் சந்தேகம் விளையாட்டின் மேலேயே. சில விளையாட்டுகள் டிஎல்எஸ்எஸ்ஸுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு ஷார்ப்பனிங் ஓட்டும். அங்கே ஸ்லைடர் உயிரோடு இருக்கும், பூஜ்யத்துக்கும் நூறுக்கும் நகர்த்தினால் தெரிந்துவிடும். இரண்டாவது Alt+F3 ஃபில்டரில் Sharpen எப்போதோ போட்டு மறந்தது. மூன்றாவது டிவி. விளையாட்டை மூடிவிட்டு டெஸ்க்டாப்பில் நோட்பேடு எழுத்தைப் பாருங்கள். அங்கேயும் எழுத்தைச் சுற்றி வெளிறிய கோடு இருந்தால் அது டிவியின் வேலை.

பொள்ளாச்சி தோப்பு | 2 மார்ச் 2025

டிவியேதானுங்க. நோட்பேடிலும் இருந்தது. டிவியின் ஷார்ப்னஸ் பாதியில் கிடந்தது, கடைசிவரை இறக்கினேன், கோடு போய்விட்டது. வீட்டில் சினிமா பார்க்கிறவர்கள்தான் இப்போது மங்கலாக இருக்கிறது என்று சண்டைக்கு வருகிறார்கள். விளையாட்டு வரும் எச்டிஎம்ஐக்கு மட்டும் தனியாக வைத்துவிட்டேன்.

பல்லடம் தறி | 9 மார்ச் 2025

தோப்பு அண்ணா சொன்னதைப் பார்த்தபின் ஒன்று உறைத்தது. அவர் பெர்ஃபார்மன்ஸ் வைத்தாலும் 4கே என்பதால் உள்ளே 1920x1080 ஓடுகிறது. நான் குவாலிட்டி வைத்தும் உள்ளே 720தான். மோடின் பெயரை வைத்து “நான் உசத்தி, அவர் தாழ்த்தி” என்று பேசவே முடியாது. அவருடைய பெர்ஃபார்மன்ஸுக்கு என் நேட்டிவ் அளவு தீனி கிடைக்கிறது.

அதனால் டிஎல்ஏஏ போட்டுப் பார்த்தேன். உள்ளே 1920x1080, வெளியே 1920x1080, பெரிதாக்கும் வேலையே இல்லை, அதே K மாடல் விளிம்புகளைச் சீராக்க மட்டும் ஓடுகிறது. என் விளையாட்டின் மெனுவில் அந்த மோடு கிடையாது, Profile Inspector வழியாகத்தான் வந்தது. ஆற்றுத் தண்ணீரின் மினுக்கல் அடங்கியது. தூரத்து மலைமேல் இருக்கும் மரங்கள் முதல்முறையாக மரமாகத் தெரிந்தன. ஆனால் பிரேம் 44. என் கைக்கு அது பற்றாது, குதிரையைத் திருப்பும்போது இழுக்கிறது.

ஈரோடு சந்தை | 9 மார்ச் 2025

பார்த்தீங்களா, கடைசியில் நேட்டிவ்தான் ஜெயித்தது. நான் முதல் நாளே சொன்னேன்.

பல்லடம் தறி | 9 மார்ச் 2025

நீங்கள் சொன்னது நேட்டிவ் டிஏஏ அண்ணா. அதையும் அதே வேலியில் பார்த்தேன். டிஎல்ஏஏ-வுக்கும் அதற்கும் உள்ளே வரையும் புள்ளிக் கணக்கு ஒன்றேதான். இருந்தும் டிஏஏ-வில் நடக்கும்போது பட்டை சேறாகிறது, K குவாலிட்டியில் 720 வைத்தே பட்டை நிற்கிறது. தூரத்து மரம் என்று வந்தால் நேட்டிவ் டிஏஏ குவாலிட்டியை முந்துகிறது. பக்கத்துப் பொருளில் நீங்கள் தோற்கிறீர்கள், தூரத்துப் பொருளில் ஜெயிக்கிறீர்கள். நேட்டிவா இல்லையா என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இதில் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

ஈரோடு சந்தை | 10 மார்ச் 2025

சரிங்க. ஆனால் சுவர் டெக்ஸ்சரைப் பாருங்க. குவாலிட்டியில் செங்கல் எல்லாம் வழவழவென்று இருக்கும், நேட்டிவில் ஒவ்வொரு செங்கலும் தெரியும். எந்தப் பைல் போட்டாலும் எனக்கு இதே கதைதான். 3070, 1440p. வேற விளையாட்டு.

கோபி வாய்க்கால் | 10 மார்ச் 2025

இது நல்ல கவனிப்பு. நின்று பார்த்தாலும் வழவழப்பாகவே இருக்கிறதா? எந்த ப்ரீசெட்டிலும் மாறவில்லையா? அப்படியென்றால் அது விளையாட்டு செய்த கோளாறு.

1440p குவாலிட்டியில் உள்ளே 1707x960 ஓடுகிறது. விளையாட்டு அந்த 960க்கு ஏற்ற டெக்ஸ்சரை எடுத்தால் செங்கல் மங்கலாகத்தான் வரும். வெளியே போகும் 1440க்கு ஏற்ற கூர்மையான டெக்ஸ்சரை எடுக்க வேண்டும் என்று டிஎல்எஸ்எஸ் வழிகாட்டியிலேயே இருக்கிறது. மிப் பயாஸ் என்ற எண்ணை மைனஸ் பக்கம் தள்ள வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள விகிதத்தின் லாகரிதமே குவாலிட்டியில் -0.58 வரும், வழிகாட்டி அதற்கும் கீழே இன்னும் ஒன்று இறக்கச் சொல்கிறது. சில விளையாட்டுகள் இதைச் செய்வதே இல்லை. டெக்ஸ்சர் மாடலுக்கு வந்து சேரும்போதே மங்கலாக வந்தால் 310 என்ன, அடுத்த பத்து பதிப்பு வந்தாலும் செங்கல் வராது. அதன்மேல் ஷார்ப்பனிங் ஏற்றினால் செங்கல் ஓரத்தில் வெள்ளைக்கோடுதான் மிஞ்சும்.

மழைத்துளி, தீப்பொறி இவற்றின் பின்னால் வால் வருவதிலும் பாதி இதே மாதிரிதான். அந்தத் துளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று விளையாட்டு சொல்லாமல் விட்டால் மாடல் தானாக யூகிக்க வேண்டும். புது மாடல் நன்றாக யூகிக்கிறது, ஆனால் முழுசாகச் சரிசெய்யாது.

பல்லடம் தறி | 6 ஏப்ரல் 2025

பண்ணாரி போய்விட்டு வந்து இன்று திறந்தால் படம் மறுபடி பழைய மாதிரி பளிச். மூலையில் 2.2. விளையாட்டுக்கு ஒரு அப்டேட் வந்து பழைய பைலையே திரும்பப் போட்டிருக்கிறது. பைல்களைச் சரிபார்க்கச் சொல்லி ஸ்டீமில் அமுக்கினாலும் இதே கதிதான். மாற்றிய பைலின் ஒரு நகலை வேறு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், முன்பு பிடித்திருந்த அந்தப் பளிச்சைப் பார்த்ததும் கண் கூசியது.

பீளமேடு ஹாஸ்டல் | 8 ஏப்ரல் 2025

என் விளையாட்டு NVIDIA App பட்டியலில் இருந்தது, K வைத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தூரத்து எதிரி முன்பு பளிச்சென்று தெரிவான், இப்போது தேட வேண்டியிருக்கிறது. Alt+F3 Sharpen போட்டால் எதிரி தெரிகிறான், ஆனால் ஸ்கோர் எழுத்தெல்லாம் கடித்துத் துப்பியது மாதிரி ஆகிறது.

கோபி வாய்க்கால் | 8 ஏப்ரல் 2025

அந்த ஃபில்டர் எல்லாம் வரைந்து முடித்த கடைசிப் படத்தின் மேல் ஓடுவதால் எழுத்தையும் சேர்த்துத்தான் தாக்கும். எழுத்து கெடாத அளவுக்கு இறக்கி வையுங்கள். ஆன்லைனில் எதிரியைக் கண்டுபிடிப்பதுதான் முக்கியம் என்றால் கொஞ்சம் ஷார்ப்பனிங் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. அதை ஒரு தனி ருசியாக வைத்துக்கொள்ளுங்கள், பைலின் தரத்தோடு குழப்பாதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

பல்லடம் தம்பிக்கு ஒரு யோசனை. டிஎல்ஏஏ 44 என்பது பாரமாக இருந்தால், NVIDIA டிரைவரில் இருக்கும் டிஎல்டிஎஸ்ஆர் 1.78x போட்டு விளையாட்டுக்கு 2560x1440 காட்டி, அதில் குவாலிட்டி வையுங்கள். உள்ளே 1707x960 ஓடும். உங்கள் 720க்கும் 1080க்கும் நடுவில். அதில் Smoothness என்று ஒரு ஸ்லைடர் வரும், 33% என்று கிடக்கும். அதுவும் மறைமுகமான ஷார்ப்பனிங்தான், இறக்க இறக்க விளிம்பு கூர்மையாகும். நான் நூறுக்குப் பக்கத்தில் வைத்துத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவேன்.

பல்லடம் தறி | 13 ஏப்ரல் 2025

போட்டேன். பிரேம் 49. தூரத்து மரம் டிஎல்ஏஏ அளவுக்கு வந்துவிட்டது, வேலிக் கம்பி அதைவிட நன்றாகவே இருக்கிறது. Smoothness 80இல் வைத்தால் வெள்ளைக்கோடு இல்லை, 50இல் லேசாக எட்டிப் பார்க்கிறது. ஆனால் 49ம் எனக்குக் குறைவுதான். நிழலை ஒரு படி இறக்கி 56க்குக் கொண்டுவந்தேன். இப்போதைக்கு இப்படியே ஆடுகிறேன்.

ஈரோடு சந்தை | 18 ஜனவரி 2026

இழையைத் தூசி தட்டுகிறேன். டிஎல்எஸ்எஸ் 4.5 வந்தாச்சு, M என்று புது எழுத்து. பல்லடம், போட்டுப் பார்த்தீங்களா? என் 3070ல் செம்மையாக இருக்கிறது. K-யை விட ரொம்பத் தெளிவு. ஆனால் பிரேம் நன்றாகவே அடி வாங்குகிறது.

கோபி வாய்க்கால் | 19 ஜனவரி 2026

M மாடல் எஃப்பி8 என்ற எட்டு பிட் கணக்கில் ஓடும்படி கட்டப்பட்டது. 40, 50 வரிசையில் அதற்கான வசதி கார்டிலேயே இருக்கிறது, 20, 30 வரிசையில் இல்லை. பிரேம் அடி அதனால்தான். இன்னொன்று, M-ஐ பெர்ஃபார்மன்ஸ் மோடுக்கும் L-ஐ அல்ட்ரா பெர்ஃபார்மன்ஸுக்கும் என்றுதான் செய்திருக்கிறார்கள். NVIDIA App-ல் Recommended வைத்தால் குவாலிட்டி, பேலன்ஸ்டு, டிஎல்ஏஏ மூன்றுக்கும் K-யே தொடரும். பெரிய எண், பெரிய எழுத்து என்பதற்காக எல்லா மோடிலும் M-ஐத் திணிக்க வேண்டியதில்லை.

பல்லடம் தறி | 25 ஜனவரி 2026

அதே வேலி, அதே வெயில். குவாலிட்டியில் M: கொடியும் இலையும் K-யை விடத் தெளிவு, ஒத்துக்கொள்கிறேன். பிரேம் 63 வந்த இடத்தில் 54. ஆனால் தந்திக் கம்பிக்குப் பக்கத்தில் மெலிசாக ஒரு வெள்ளைக்கோடு திரும்ப வந்திருக்கிறது. ஃபில்டர் எதுவும் இல்லை, ஸ்லைடர் செத்த ஸ்லைடர், Smoothness இந்தப் பாதையிலேயே இல்லை. நோட்பேடும் பார்த்தேன், சுத்தம்.

மாடலே அப்படி வரையக் கற்றிருக்கிறதா அக்கா, அல்லது நான் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

கோபி வாய்க்கால் | 25 ஜனவரி 2026

எனக்கும் M-ல் படம் கொஞ்சம் அழுத்தமாகத்தான் படுகிறது. பெர்ஃபார்மன்ஸில் அந்த அழுத்தம் உதவுகிறது, குவாலிட்டியில் உறுத்துகிறது. எக்ஸ்போஷரும் பார்க்க வேண்டும், வெளிச்சமான வானத்துக்கு எதிராக மட்டும் வருகிறதா, இரவில் விளக்குக் கம்பத்துப் பக்கமும் வருகிறதா என்று.

ஈரோடு சந்தை | 25 ஜனவரி 2026

எனக்கு அந்தக் கோடு பிடித்திருக்கிறதுங்க. நான் M-லேயே இருக்கிறேன்.

பல்லடம் தறி | 26 ஜனவரி 2026

இரவில் பார்த்தேன். விளக்குப் பக்கம் கோடு இல்லை, பகல் வானத்தில் மட்டும்தான். நான் K-க்கே திரும்பிவிட்டேன், 63 பிரேமும் கிடைக்கிறது. M-ஐ பெர்ஃபார்மன்ஸில் வைத்து ஒருமுறை பார்த்தேன். உள்ளே 960x540 என்று மூலையில் வந்தது, பட்டை அதிலும் நின்றது, தூரத்து மரம் நிற்கவில்லை. 1440p மானிட்டரும் 30 வரிசைக் கார்டும் உள்ளவர்கள் யாராவது M பெர்ஃபார்மன்ஸையும் K குவாலிட்டியையும் ஒரே இடத்தில் நடந்து பார்த்து, பிரேம் எண்ணோடு எழுதுங்கள். ஈரோட்டண்ணா, உங்கள் 3070 அதற்குச் சரியாக இருக்கும்.